ஒரு எட்ஜைக் கடக்கும்போது என்ன மாறுகிறது

ரீரூட்டிங், அதாவது மரத்தில் ஒரு நோடின் விடையிலிருந்து பக்கத்து நோடின் விடையை எடுக்கும் உத்தி, அதைச் சொல்லித்தரும் விதத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. வீடியோவோ வகுப்போ, எதை எடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் `ans[v] = ans[p] + n - 2*size[v]` என்ற வரி பலகையில் வந்துவிடுகிறது. வந்த பிறகு அதை நிரூபிக்கிறார்கள், கோட் எழுதுகிறார்கள், சப்மிட் செய்கிறார்கள், முடிந்தது. வரி சரிதான். ஆனால் அந்த வரி ஒரே ஒரு கேள்விக்கான பதில். அதைப் பிறப்பித்த யோசனை வேறு பல கேள்விகளுக்கும் உதவும். வரி மனப்பாடமாகிவிட்டால் யோசனையைத் தேடிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தக் குறை மறுபடி தலைதூக்கியது என் சித்தப்பா மகனால். கடைசி வருடம் படிக்கிறான், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். CSES தொகுப்பில் Tree Distances II என்று ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு மரம் தருவார்கள், ஒவ்வொரு நோடிலிருந்தும் மற்ற எல்லா நோடுகளுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும். நோடுகள் 2 லட்சம் வரை. “அண்ணா, இது எனக்கு வரும்” என்று சொல்லிக் கடகடவென்று எழுதிவிட்டான். பிழையே இல்லை. “சரி, கூட்டுத்தொகை வேண்டாம், ஒவ்வொரு நோடுக்கும் மிகத் தூரமான நோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் சொல்லு” என்றேன். அதே தொகுப்பில் அதற்கு முந்தைய கணக்கு அது. பேனாவை எடுத்தவன் எழுதவில்லை. “இதுக்கு என்ன ஃபார்முலா அண்ணா?” என்று கேட்டான். அவன் கெட்டிக்காரப் பையன். அப்படிக் கேட்க வைத்தது அவனுக்குச் சொல்லித்தந்த விதம்தான் என்று நினைக்கிறேன்.

அன்று காகிதத்தில் நாங்கள் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். சப்ட்ரீ, டெப்த், BFS எல்லாம் தெரிந்தவர்களுக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

## ஏழு நோடுகள்

எடுத்துக்கொண்ட மரத்தில் 7 நோடுகள். எட்ஜ்கள்: 1-2, 1-3, 3-4, 3-5, 5-6, 5-7. ரூட் 1. அதாவது 1-க்குக் கீழே 2-ம் 3-ம், 3-க்குக் கீழே 4-ம் 5-ம், 5-க்குக் கீழே 6-ம் 7-ம்.

ஒவ்வொரு நோடிலிருந்தும் தனித்தனியாக BFS ஓட்டினால் விடை வந்துவிடும். 7 நோடுகளுக்கு அதைக் கையாலேயே செய்யலாம். 2 லட்சம் நோடுகளுக்கு அது சுமார் 4,000 கோடி படிகள், காத்திருந்து பயனில்லை. ஆனால் ஒரு நோடுக்கு மட்டும் என்றால் சுலபம். 1-லிருந்து தூரங்கள் 1, 1, 2, 2, 3, 3, கூட்டினால் 12. கேள்வி இதுதான்: 1-க்கு 12 என்று தெரிந்த பிறகு, பக்கத்து நோடான 3-க்கு ஏன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டும்?

1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும் எட்ஜை மட்டும் பாருங்கள். அதை ஒரு பாலமாக நினைத்துக்கொள்ளலாம். பாலத்தை எடுத்துவிட்டால் மரம் இரண்டு கரைகளாகப் பிரிகிறது: ஒரு கரையில் 1, 2, மறு கரையில் 3, 4, 5, 6, 7. நான் 1-ல் நின்றுகொண்டிருக்கிறேன். பாலத்தைக் கடந்து 3-க்குப் போகிறேன். மறு கரையில் உள்ள 5 பேரும் எனக்கு ஒவ்வொரு அடி நெருங்கிவிட்டார்கள். விட்டுவந்த கரையில் உள்ள 2 பேரும் ஒவ்வொரு அடி விலகிவிட்டார்கள். யாருக்கும் ஒரு அடிக்கு மேல் மாற்றமில்லை, யாருக்கும் மாறாமலும் இல்லை. ஆகவே 12 − 5 + 2 = 9. நேரடியாக எண்ணிப் பார்த்தாலும் 3-லிருந்து தூரங்கள் 1, 1, 1, 2, 2, 2, கூட்டினால் 9.

இவ்வளவுதான். மொத்தம் `n` நோடுகள், பெற்றோர் `p`-யிலிருந்து பிள்ளை `v`-க்குக் கடக்கிறோம் என்றால், மறு கரையில் `v`-யின் சப்ட்ரீயில் உள்ள `size[v]` பேர், இந்தக் கரையில் `n - size[v]` பேர். முதலாவதைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால் `n - 2*size[v]` தானாக விழுகிறது. ஃபார்முலாவை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எட்ஜுக்கு நீளம் `w` என்று இருந்தால் மாற்றம் `w * (n - 2*size[v])`. நோடுகளுக்கு எடை இருந்தால், ஆட்களை எண்ணும் இடத்தில் எடையைக் கூட்டினால் போதும். இரண்டையும் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீதியைப் போட்டுவிடலாம். 2-க்கு: சப்ட்ரீயில் ஒரே ஆள், 12 + 7 − 2 = 17. 4-க்கு 3-லிருந்து: 9 + 7 − 2 = 14. 5-ன் சப்ட்ரீயில் 3 பேர்: 9 + 7 − 6 = 10. 6-க்கும் 7-க்கும்: 10 + 7 − 2 = 15. 1-லிருந்து 3-க்கு வரும்போது தொகை குறைந்ததையும், 3-லிருந்து 5-க்குப் போகும்போது ஏறியதையும் கவனியுங்கள். மறு கரையில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தால்தான் கடப்பது லாபம். 3-ன் பக்கம் 7-ல் 5 பேர், 5-ன் பக்கம் 7-ல் 3 பேர். எந்தப் பக்கம் கடந்தாலும் லாபமில்லை என்ற நிலைக்கு வரும் நோடுதான் சென்ட்ராய்டு, குறைந்த தொகையும் அதற்குத்தான். இங்கே அது 3.

## காணாமல் போகும் down

பெரும்பாலான விளக்கங்களில் மரத்தை இரண்டு சுற்றுகளாகப் பார்க்கிறார்கள், முதலில் கீழிருந்து மேலே, பிறகு விடைகளுக்காக மேலிருந்து கீழே. முதல் சுற்றில் இரண்டு அரேக்கள் நிரப்பப்படுகின்றன. ஒன்று `size`. இன்னொன்று `down`: ஒரு நோடிலிருந்து அதன் சப்ட்ரீக்குள் மட்டும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை. சித்தப்பா மகனும் அப்படித்தான் எழுதியிருந்தான். அவனிடம், உன் `down` இரண்டாவது சுற்றில் எங்கே வருகிறது, காட்டு என்றேன். தேடினான். இல்லை. அப்புறம் ஏன் கணக்கிட்டாய் என்றால் அவனிடம் பதில் இல்லை.

அது எங்கே போனது என்று பார்த்த இடத்தில்தான் எங்கள் பேச்சே திரும்பியது. `v`-க்கு விடை இரண்டு பகுதிகளின் கூட்டு: தன் சப்ட்ரீக்குள் இருப்பது, வெளியே இருப்பது. உள்ளே இருப்பது `down[v]`. வெளியே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெற்றோர் `p`-யின் முழு விடையை எடுத்து, அதில் `v` வழியாக வந்த பங்கைக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கு `down[v] + size[v]`, ஏனென்றால் `v`-யின் சப்ட்ரீயில் உள்ள ஒவ்வொருவரும் `p`-க்கு ஒரு அடி கூடுதல் தூரத்தில் இருக்கிறார்கள். கழித்த பிறகு கிடைப்பது, `p`-யிலிருந்து `v`-யின் சப்ட்ரீயைத் தவிர்த்த மற்றவர்களுக்கான தூரம். அதையே `v`-யிலிருந்து பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு அடி கூடும். அவர்கள் `n - size[v]` பேர். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால்:

```
ans[v] = down[v] + (ans[p] - down[v] - size[v]) + (n - size[v])
```

`down[v]` ஒரு முறை கூட்டப்படுகிறது, ஒரு முறை கழிக்கப்படுகிறது. அடித்துவிட்டால் மிஞ்சுவது நாம் முதலில் பார்த்த வரி. இந்த நீண்ட வடிவம்தான் உண்மையான ரீரூட்டிங்: பெற்றோரின் விடையிலிருந்து என் பங்கை நீக்கு, மீதியை எட்ஜைத் தாண்டிக் கொண்டுவா, என்னுடையதோடு சேர். நீக்கு, கொண்டுவா, சேர். கூட்டல் கணக்கில் நீக்கிய பங்கும் சேர்க்கிற பங்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் சுருக்க வடிவம் கிடைத்தது. சுருக்க வடிவத்தை மட்டும் பார்த்தவனுக்கு அங்கே ஒரு நீக்கல் நடந்ததே தெரியாது. “அப்போ கழிக்க முடியாத கணக்குன்னா?” என்று அவனே கேட்டான். அதைப் பிறகு பார்ப்போம்.

`down` வேண்டாம் என்றால் ரூட்டின் விடைக்கு என்ன செய்வது? ரூட்டுக்கு வேண்டியது எல்லா நோடுகளின் டெப்த்தின் கூட்டுத்தொகை. ஒரு நோடின் டெப்த் என்பது அதற்கு மேலே உள்ள எட்ஜ்களின் எண்ணிக்கை. எட்ஜ் பக்கமிருந்து எண்ணினால், ஒவ்வொரு எட்ஜும் தனக்குக் கீழே உள்ள அத்தனை நோடுகளாலும் ஒரு முறை எண்ணப்படுகிறது. ஆகவே ரூட்டின் விடை, ரூட்டைத் தவிர்த்த எல்லா நோடுகளின் `size` கூட்டுத்தொகை. நம் மரத்தில் 2 முதல் 7 வரை: 1 + 5 + 1 + 3 + 1 + 1 = 12. ஆக, முதல் சுற்றில் `size` மட்டும் போதும்.

```python
def distance_sums(n, adj):
    parent = [0] * (n + 1)
    order = [1]
    for u in order:
        for v in adj[u]:
            if v != parent[u]:
                parent[v] = u
                order.append(v)
    size = [1] * (n + 1)
    ans = [0] * (n + 1)
    for v in reversed(order[1:]):
        size[parent[v]] += size[v]
        ans[1] += size[v]
    for v in order[1:]:
        ans[v] = ans[parent[v]] + n - 2 * size[v]
    return ans
```

ரிகர்ஷனை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பைத்தானில் ரிகர்ஷன் வரம்பு இயல்பாக 1000. மரம் ஒரே நேர்க்கோடாக இருந்தால் 2 லட்சம் ஆழம் போக வேண்டியிருக்கும். `order` என்ற பட்டியலைப் பின்னாலிருந்து படித்தால் பிள்ளைகள் எல்லாம் பெற்றோருக்கு முன்னால் வருவார்கள்; முன்னாலிருந்து படித்தால் பெற்றோர் முன்னால் வருவார்கள். முதல் சுற்று கீழிருந்து மேலே, இரண்டாவது மேலிருந்து கீழே என்பதெல்லாம் இந்த ஒரே பட்டியலின் இரண்டு திசைகள்தான்.

## தப்பு நடந்தால் எப்படித் தெரியும்

ரிகர்ஷனில் எழுதுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, இரண்டாவது சுற்றில் `ans[v]` வரியை `dfs(v)` அழைப்புக்குக் கீழே வைப்பது. ஒரு வரிதான் இடம் மாறுகிறது, ஆனால் பேரன் பேத்திகள் கணக்கு நடக்கும்போது பெற்றோரின் விடை இன்னும் 0. நம் மரத்தில் 6-க்கு 0 + 7 − 2 = 5 என்று வரும். ரூட்டும் அதன் நேர்ப் பிள்ளைகளும் மட்டும் சரியாக இருப்பார்கள், அதனால் சின்ன மாதிரி மரத்தில் தப்பித்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: எந்த நோடுக்கும் விடை `n - 1`-க்குக் குறைய முடியாது, மற்ற 6 பேரும் குறைந்தது ஒரு அடியாவது தள்ளி இருப்பார்கள் அல்லவா. 5 என்றாலே பொய்.

சி++-ல் இன்னொன்று. 2 லட்சம் நோடுகள் நேர்க்கோட்டில் இருந்தால் ஓரத்து நோடின் விடை 19,999,900,000. `int`-ல் அடங்குவது 2,147,483,647 வரைதான். மாதிரி டெஸ்ட்கள் எல்லாம் பாஸாகி, பெரிய டெஸ்டில் சம்பந்தமில்லாத எண்ணோ நெகட்டிவ் எண்ணோ வந்தால் முதலில் இதைப் பாருங்கள். `long long` போட்டால் தீர்ந்தது.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்த ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. எல்லா விடைகளையும் கூட்டுங்கள்: 12 + 17 + 9 + 14 + 10 + 15 + 15 = 92. இப்போது அதே எண்ணை வேறு வழியில் எடுக்கலாம். ஒவ்வொரு எட்ஜையும் எத்தனை ஜோடிகள் கடக்கின்றன? ஒரு கரையில் `s` பேர், மறு கரையில் `n - s` பேர் என்றால் `s * (n - s)` ஜோடிகள். நம் எட்ஜ்களுக்கு 6, 10, 6, 12, 6, 6, மொத்தம் 46. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முனைகளிலிருந்தும் எண்ணப்படுவதால் இரட்டிப்பு 92. இரண்டாவது சுற்றைத் தொடாமலேயே அதன் மொத்தம் இன்னதாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த 46-க்கு ஒரு பழைய பெயர் உண்டு, வீனர் குறியீடு. 1947-ல் ஹாரி வீனர் பாரஃபின்களின் கொதிநிலையை அவற்றின் கார்பன் எலும்புக்கூட்டிலிருந்து கணிக்கப் பயன்படுத்திய எண் இது. நேர்ச்சங்கிலி பியூட்டேனில் 4 கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன, குறியீடு 3 + 4 + 3 = 10. ஐசோபியூட்டேனில் நடுவில் ஒன்று, சுற்றி மூன்று; குறியீடு 3 + 3 + 3 = 9. நேர்ச்சங்கிலி பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது, மற்றது சுமார் −12-ல். ஒரே அணுக்கள், மரத்தின் வடிவம் மட்டும் வேறு.

## கழிக்க முடியாதபோது

இப்போது மிகத் தூரமான நோடு. 1-லிருந்து அது 3 அடி, 6-லோ 7-லோ. 3-க்கு நகர்கிறோம். பெற்றோர் வழியாக எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டு, 1-ன் விடையான 3-ஐ எடுத்து ஒன்று கூட்டினால் 4 வரும். உண்மையான விடை 2. அந்த 4 எங்கிருந்து வந்தது? 3-லிருந்து 1-க்கு ஏறி, மறுபடி 3-க்கே இறங்கி, 5 வழியாக 6-க்குப் போன பாதை அது. 1-ன் விடையில் 3-ன் பங்கே அடங்கியிருந்தது. அதை நீக்காமல் தூக்கிவந்துவிட்டோம்.

கூட்டுத்தொகையில் பங்கைக் கழித்தோம். `max`-ல் கழிக்க வழியில்லை. 3 என்ற எண்ணைப் பார்த்து, இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு நோடிலும் முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும், வெவ்வேறு பக்கத்து நோடுகள் வழியாக வந்தவையாக, சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 1-ல் முதலிடம் 3 (நோடு 3 வழியாக), இரண்டாமிடம் 1 (நோடு 2 வழியாக). கேட்பவன் முதலிடத்துக்குச் சொந்தக்காரன் என்றால் இரண்டாமிடத்தைக் கொடு. 3 கேட்கிறது, 1-ஐக் கொடுக்கிறோம், எட்ஜைத் தாண்டும்போது 2 ஆகிறது. 3-ன் கீழ்ப்பக்கமும் 2, ஆகவே விடை 2. கீழே இறங்கும்போது, மேலிருந்து வந்த இந்த 2-ம் 3-ன் பட்டியலில் போட்டியிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இதைச் சித்தப்பா மகன் தானாகவே எழுதினான். நீக்கல் எங்கே நடக்கிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்ததுதான் அவனுக்குத் தேவைப்பட்டது.

பெருக்கல் வந்தால் இன்னும் சிக்கலாகும், ஏனென்றால் அங்கே வகுத்துவிடலாம் போலத் தோன்றும். AtCoder-ன் Educational DP Contest-ல் V எழுத்துக்குரிய கணக்கு, Subtree: நோடுகளுக்குக் கறுப்பு வெள்ளை பூசுகிறோம், கறுப்பு நோடுகள் எல்லாம் ஒரே துண்டாக இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோடுக்கும், அது கறுப்பாக இருக்கும்படி எத்தனை வழிகள் என்பதை `M`-ஆல் வகுத்த மீதியில் சொல்ல வேண்டும். ஒரு நோடின் சப்ட்ரீக்குள் மட்டும் பார்த்தால் வரும் எண்ணிக்கையை இங்கே `down` என்போம். அது, பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் `1 + down` என்று எடுத்துப் பெருக்கினால் வருவது. அந்தப் பிள்ளையை விட்டுவிடும் வழி ஒன்று, சேர்த்துக்கொள்ளும் வழிகள் மற்றவை. நம் மரத்தில் 6, 7 ஆகியவற்றுக்கு 1. 5-க்கு 2 × 2 = 4. 4-க்கு 1. 3-க்கு 2 × 5 = 10.

5-க்கு மேல்பக்கக் கணக்கு வேண்டுமானால் 3-ன் 10-லிருந்து 5-ன் பங்கான 5-ஐ நீக்க வேண்டும், 2 வர வேண்டும். `M = 10` என்று கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது கையில் இருப்பது 10 அல்ல, 0. ஐந்தால் பெருக்கினால் மீதி 0 வரும் எண் எது? 0, 2, 4, 6, 8 எல்லாமே பொருந்தும். சரியான 2 அதற்குள் இருக்கிறது, ஆனால் எடுக்க வழியில்லை. `M` பகா எண்ணாக இருந்தால் தப்பித்தோம் என்றும் இல்லை. ஏதாவது ஒரு பிள்ளையின் பங்கு `M`-ன் மடங்காகிவிட்டால் அங்கேயும் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும்.

வகுக்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளை மறுபடி பெருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் மரத்தில் ஓடிவிடும். நடுவில் ஒரு நோடு, சுற்றிலும் 1 லட்சம் பிள்ளைகள் என்று நட்சத்திர வடிவில் ஒரு மரம் வந்தால் அது சுமார் 1,000 கோடி பெருக்கல்கள். டைம் லிமிட் அங்கேதான் போகும். செய்ய வேண்டியது, பிள்ளைகளின் பங்குகளை இடமிருந்து ஒரு முறையும் வலமிருந்து ஒரு முறையும் பெருக்கிக்கொண்டே போய் இரண்டு அரேக்களில் வைத்துக்கொள்வது. எந்தப் பிள்ளையை நீக்க வேண்டுமானாலும் அதற்கு இடப்பக்கப் பெருக்கல் × வலப்பக்கப் பெருக்கல், அவ்வளவுதான். 3-ல் பிள்ளைகளின் பங்குகள் 2, 5. ஐந்தை நீக்கினால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1. 1-ல் நோடு 3-ஐ நீக்கினால் மிஞ்சுவது நோடு 2-ன் பங்கான 2, அதனால் 3-க்கு மேலிருந்து வருவது 1 + 2 = 3, ஆகவே 5-க்கு மேலிருந்து வருவது 1 + 3 × 2 = 7, அதன் விடை 4 × 7 = 28, பத்தின் மீதியில் 8. எங்கேயும் வகுக்கவில்லை, நட்சத்திர மரத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சில பெருக்கல்களோடு முடிந்துவிடுகிறது.